சத்தானதெல்லாம் சற்றுப் பொறுக்கட்டும்

(பெருங்குடலில் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரின் குடும்பத்துக்கு ஒரு மருத்துவமனை உணவியலாளர் எழுதிய கடிதம். அடையாளம் காட்டும் விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.)

அன்புள்ள அம்மாவுக்கும், தம்பிக்கும், சமையலைப் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கும்,

ஐயாவை டிஸ்சார்ஜ் செய்த அன்று நான் கொடுத்த அச்சுத்தாளில் ‘நார்ச்சத்து குறைந்த, மிச்சம் குறைந்த உணவு, 4 வாரம்’ என்று இருந்தது. கீழே சில பெயர்கள். அதை வைத்துக்கொண்டு மூன்று வேளை அடுப்பு பற்றவைக்க முடியாது. நேற்று தம்பி போனில் கேட்டதற்கு வார்டில் நின்றுகொண்டே அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

தம்பி கேட்டது இதுதான்: பக்கத்து வீட்டு அக்கா முருங்கைக்கீரை சூப் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். அத்தை கேழ்வரகு, கம்பு, கொண்டைக்கடலை எல்லாம் வறுத்து அரைத்த சத்துமாவு அனுப்பியிருக்கிறார். பெரியப்பாவோ, “வயித்தக் கிழிச்ச உடம்பு, ஒரு மாசத்துக்குக் கஞ்சித்தண்ணியத் தவிர எதுவும் கூடாது” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மூன்று பேருமே ஐயா மேல் உள்ள பாசத்தில் சொல்கிறார்கள். ஆனால் மூன்றும் இப்போது ஆகாது. கீரையும் சத்துமாவும் ஏன் கூடாது என்று சொன்னால் உடனே புரிந்துவிடும். கஞ்சி மட்டும் ஏன் கூடாது என்பதைப் புரியவைப்பதுதான் எனக்குப் பெரிய பாடு. அதற்குக் கொஞ்சம் பின்னால் வருகிறேன்.

முதலில் வயிற்றுக்குள் என்ன நடந்திருக்கிறது என்று பார்ப்போம். ஐயாவுக்கு எடுத்தது பெருங்குடலின் இடது பக்கக் கடைசிப் பகுதி; மலக்குடலுக்குச் சற்று மேலே வளைந்து கிடக்கும் துண்டு. கட்டியோடு அதை வெட்டியெடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் வட்ட ஸ்டேப்ளர் என்ற கருவியால் இணைத்திருக்கிறார்கள். அந்தக் கருவியின் தலை வழக்கமாக 28, 29 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். இணைப்பில் உண்டாகும் துளை அதைவிடக் குறைவு. முதல் சில வாரம் அந்த இடம் வீங்கியிருப்பதால் வழி இன்னும் கொஞ்சம் சுருங்கியிருக்கும்.

இடது பக்கம் என்பதையும் கவனிக்க வேண்டும். நாம் குடிப்பதும் வயிறு, கணையம், கல்லீரல், குடல் சுரப்பதும் சேர்த்து ஒரு நாளைக்கு 8, 9 லிட்டர் திரவம் குடலுக்குள் இறங்குகிறது. சிறுகுடலும் பெருங்குடலும் அதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ள, மலத்தோடு வெளியேறுவது 200 மில்லிக்கும் குறைவுதான். ஆகவே, ஐயாவின் தையல் இருக்கும் இடத்துக்கு வந்து சேரும்போது மலம் இறுகிக் கெட்டியாகியிருக்கும். அது எவ்வளவு பருமனாக வருகிறது என்பதில் நார்ச்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நம் செரிமான நீர்களால் நாரைக் கரைக்க முடியாது. தோல், விதை, தண்டின் நரம்பு, தவிடு எல்லாம் உள்ளே போனபடியே பெருங்குடல் வரை போகும். அவற்றைக் குறைத்தால் மலத்தின் பருமன் குறையும். வீங்கிய இடத்தில் சிக்காமல் கடந்துபோகும்.

அதற்காக மலமே வராது என்று எண்ண வேண்டாம். பாக்டீரியாவும் குடல் உதிர்க்கும் செல்களும் சேர்ந்து, ஒன்றும் சாப்பிடாதவருக்குக்கூடக் கொஞ்சம் மலம் உண்டாகும். குடலில் மிஞ்சுவதைச் சாப்பாட்டுக்குச் சாப்பாடு துல்லியமாக அளக்க வழியில்லை. நாரை அளக்கலாம். அதனால் நாங்கள் நாரையே கணக்கு வைக்கிறோம். ஐயாவுக்கு ஒரு நாளைக்கு 10 கிராம், மீறினால் 12 கிராம்.

ஒன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இந்த 4 வாரக் கணக்கு எல்லா மருத்துவமனையிலும் ஒன்றுபோல இருக்காது. சில அறுவை மருத்துவர்கள் இரண்டே வாரத்தில் விட்டுவிடுவார்கள். சிலர் 6 வாரம் என்பார்கள். முதல் வாரத்திலிருந்தே வழக்கமான சாப்பாட்டை அனுமதிப்பவர்களும் உண்டு. உங்கள் தெருவில் இதே ஆபரேஷன் செய்துகொண்ட இன்னொருவர் பத்தாம் நாளே புரோட்டா சாப்பிட்டதாகச் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஐயாவுக்கு 62 வயது, பல்செட் போட்டிருக்கிறார், சர்க்கரை நோய் உண்டு, ஆபரேஷனுக்கு முன்பே எடை குறைந்திருந்தார். இத்தனையும் பார்த்துத்தான் எங்கள் சர்ஜன் 4 வாரம் என்றார்.

இனி பெரியப்பாவின் கஞ்சி.

நம் ஊரில் பத்தியம் என்றாலே குறைத்துச் சாப்பிடுவது என்று ஆகிவிட்டது. இந்த உணவுமுறையில் குறைக்க வேண்டியது நாரை மட்டுமே, சாப்பாட்டை அல்ல. வெட்டி ஒட்டிய குடலும் வயிற்றின் தசையும் மேல்தோலும் ஆற வேண்டுமென்றால் உடம்புக்குப் புரதம் வேண்டும். அறுவைக்குப் பிந்தைய வாரங்களில் ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை என்று கணக்கு. ஐயா இப்போது 60 கிலோ. அப்படியானால் நாளைக்கு 72 முதல் 90 கிராம். நூறு கிராம் பச்சரிசியில் 8 கிராம் புரதம்கூட முழுதாக இல்லை. அதைக் கஞ்சியாகக் காய்ச்சி, வடித்த தண்ணீரை மட்டும் மூன்று வேளை கொடுத்தால் ஐந்தாறு கிராம் தேறுவதே கஷ்டம். வயிறு நிரம்பியது போல இருக்கும். உடம்பு தன் தசையையே கரைத்துப் புண்ணை ஆற்றப் பார்க்கும். மூன்றாம் வாரம் ஐயாவால் கட்டிலிலிருந்து எழுந்து நடக்க முடியவில்லை என்றால், வயிற்றைவிடத் தட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

மீன், முட்டை, கோழி, தயிர், பால், பனீர் எதிலும் நார் துளியும் இல்லை. ‘ஆபரேஷன் ஆன உடம்புக்கு முட்டை சூடு, மீன் சீழ் பிடிக்கும்’ என்று யாராவது வந்து சொல்வார்கள். நன்றாக வெந்த மீனால் எந்தப் புண்ணும் சீழ் பிடித்ததில்லை. இந்த வாரங்களில் ஐயாவுக்கு உங்கள் வீட்டிலுள்ள மிகப் பாதுகாப்பான சாப்பாடு, முள் எடுத்த மீனும் வேகவைத்த முட்டையும்தான். ஆட்டுக்கால் சூப்பைப் பற்றி அம்மா கேட்டிருந்தீர்கள். மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, மிளகு சீரகத் திப்பியை வடிகட்டிக் கொடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். உப்பும் தண்ணீரும் போகும், வாய்க்கும் ருசியாக இருக்கும், அவ்வளவுதான். ஒரு டம்ளர் சூப்பைவிட ஒரு முட்டை பெரிது.

உங்கள் வீட்டுச் சமையலிலேயே ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலையில் எழுந்ததும் பால் கலந்த லேசான காபி, சர்க்கரை இல்லாமல். எட்டரை மணிக்கு மூன்று இட்லி, வடிகட்டிய சாம்பார், ஒரு அவித்த முட்டை. பதினொரு மணிக்கு உப்பு போட்ட மோர். மதியம் 70 கிராம் அரிசியைக் குழைய வேகவைத்த சாதம், 100 கிராம் மீன், விரலால் நசுங்கும் அளவுக்கு வெந்த சௌசௌ, கொஞ்சம் தயிர். நாலு மணிக்கு இன்னொரு முட்டை, இரண்டு ரஸ்க். இரவு ஏழு மணிக்கு மூன்று இடியாப்பம், கொத்திய கோழிக்கறி 75 கிராம், தேங்காய் போடாத மெல்லிய குழம்பில். படுக்கும் முன் ஒரு டம்ளர் பால்.

இதில் புரதம் 80 கிராமைத் தாண்டுகிறது. நார் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இட்லி அரிசியும் உளுந்தும் சேர்ந்து மூன்றரை கிராம், சாதமும் இடியாப்பமும் தலா 2 கிராம், சௌசௌவில் ஒன்றரை, ரஸ்க்கிலும் சாம்பார்ப் பருப்பிலும் மிச்சம். மொத்தம் 10 கிராமை ஒட்டியே நிற்கிறது. இதே இடத்தில் அத்தையின் சத்துமாவை வைத்துப் பாருங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் வெள்ளரிசியில் நார் 3 கிராமுக்கும் குறைவு. கேழ்வரகில் 11 கிராம். முழுக் கொண்டைக்கடலையில் 25 கிராம். அரை டம்ளர் சத்துமாவுக் கூழிலேயே ஒரு நாள் கணக்கில் பாதி தீர்ந்துவிடும். அத்தையின் மாவை டப்பாவில் அடைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். அதற்கும் வேளை வரும்.

இப்போது மருமகளுக்குத் தனியாக நாலு வார்த்தை. அடுப்படியில் நிற்பது நீங்கள்தானே.

மிக்சியில் அரைத்துவிட்டால் நார் போய்விடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். போகாது. துணுக்கு சிறியதாகும், அடைத்துக்கொள்ளும் அபாயம் கொஞ்சம் குறையும், ஆனால் நாரின் அளவு அப்படியே இருக்கும். கீரையை அரைத்து சூப் ஆக்கினால் அது அரைத்த கீரை, அவ்வளவுதான். நாரை எடுக்க வேண்டுமானால் சல்லடை வேண்டும். உங்களிடம் ஒரு பெரிய டீ வடிகட்டியும், ராகி மாவு சலிக்கும் கண் சிறிய சல்லடையும் இருந்தால் போதும்.

சாம்பாரை இப்படிச் செய்யுங்கள். துவரம்பருப்பைப் பெருங்காயத்தோடு குக்கரில் வழக்கத்தைவிட இரண்டு விசில் கூடுதலாக விட்டு, மத்தால் கடைந்து, தண்ணீர் சேர்த்துச் சல்லடையில் ஊற்றிக் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்துவிடுங்கள். கீழே இறங்குவது ஐயாவுக்கு. மேலே தங்குவது உங்களுக்கு. தக்காளியை ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்தால் தோல் கையோடு வந்துவிடும். இரண்டாக வெட்டி விதையை வழித்துப் போட்டுவிடுங்கள். புளியைக் கரைத்து வடிப்பது எப்போதும் செய்வதுதான். மிளகாய்த்தூள் பாதி. கடைசியில் தாளிப்பு. கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை, மிளகாய் இல்லாமல் சாம்பார் வாயில் வைக்க விளங்குமா? தாளிக்கத்தான் வேண்டும். கரண்டியில் எண்ணெய் காய்ந்து எல்லாம் பொரிந்ததும், அந்த எண்ணெயை மட்டும் டீ வடிகட்டி வழியாக ஐயாவின் கிண்ணத்தில் ஊற்றுங்கள். வடிகட்டியில் தங்கியதை மற்றவர்களின் சாம்பாரில் கொட்டிவிடலாம். வாசனை அத்தனையும் எண்ணெயில் இறங்கியிருக்கும். பத்தியச் சாப்பாடு என்று ஐயா முகம் சுளிக்காமல் சாப்பிட இது ஒன்றே போதும். ரசத்துக்கும் இதே முறைதான்.

காய்களில் தோலும் விதையும் நீக்க முடிந்து, வெந்தால் குழைபவை எல்லாம் சரி: சுரைக்காய், சௌசௌ, பூசணி, தோல் சீவிய கேரட், உருளைக்கிழங்கு. நரம்பு உரியும் எதுவும் இப்போது வேண்டாம். முருங்கைக்காய், வாழைத்தண்டு, வாழைப்பூ, கொத்தவரங்காய், அவரை, கீரைத்தண்டு எல்லாம் இந்தக் கூட்டம். தேங்காய்ச் சட்னியும் துருவலும் வேண்டாம். ஊரே நல்லதென்று புகழும் கைக்குத்தல் அரிசி, சிறுதானியம், முளைகட்டிய பயறு, சுண்டல், கொய்யா, அத்திப்பழம், ஆரஞ்சுச் சுளை எதுவும் இந்த 4 வாரம் ஐயாவின் தட்டுக்கு வரக் கூடாது. பழம் இல்லாமல் இருக்க முடியாது என்றால், நன்கு பழுத்த வாழைப்பழத்தில் பாதி. இளநீர் கொடுக்கலாம், வழுக்கையை எடுத்துவிடுங்கள்.

பல்செட் விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எடை குறைந்ததில் ஐயாவுக்கு அது தளர்ந்திருக்கிறது. வார்டில் சாப்பிடும்போது கழற்றி வைத்துவிட்டு விழுங்கியதை நானே பார்த்தேன். மெல்லாமல் விழுங்கிய கோழித்துண்டு, நார் இல்லாவிட்டாலும் கட்டியாகவே இறங்கும். அதனால்தான் கறியைக் கொத்தச் சொன்னேன்.

அடுத்தது சர்க்கரை. தம்பிக்கு இதில்தான் கவலை என்று தெரிகிறது, நியாயமான கவலை. பத்து வருடமாகக் கேழ்வரகு, கோதுமை, கீரை என்று பழகிய மனிதருக்கு வெள்ளரிசியும் இட்லியும் கொடுக்கச் சொல்கிறேன். நார் குறைந்தால் மாவுச்சத்து சீக்கிரம் செரித்து இரத்தத்தில் சர்க்கரை சட்டென ஏறும். ஏறவும் செய்யும், மறைக்கவில்லை. இதற்கு வழி, மறுபடி கேழ்வரகுக்குப் போவது அல்ல. சாதத்தை இரண்டு பெரிய வேளைக்குப் பதிலாகச் சிறிய வேளைகளாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதோடு முட்டையோ மீனோ தயிரோ சேர்த்திருக்கிறேன். மீதியை மாத்திரையோ இன்சுலினோதான் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக் கருவியில் காலையில் வெறும் வயிற்றிலும், மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து எழுதி வையுங்கள். சாப்பாட்டுக்குப் பின் 200ஐத் தாண்டியே இரண்டு நாள் நின்றால் சர்க்கரை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். மருந்தின் அளவை அவர் மாற்றுவார். சர்க்கரை கூடினால் புண் ஆறுவது தாமதமாகும் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். இன்னொன்று: ஐயா சாப்பிடும் மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றை இளக்கும். பேதி போனால் பழியைச் சாப்பாட்டின் மேல் போடும் முன் அந்த மாத்திரையையும் நினைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; கேளுங்கள்.

மலம் எப்படிப் போக வேண்டும் என்று கேட்க அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தது. இதில் கூச்சம் வேண்டாம். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரம் ஒழுங்கே இருக்காது. ஒரு நாள் நாலு தடவை கொஞ்சம் கொஞ்சமாகப் போவார். அடுத்த இரண்டு நாள் ஒன்றுமே போகாது. நார் குறைவாகச் சாப்பிடுகிறவருக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை போவது மலச்சிக்கல் ஆகாது. வயிறு மெத்தென்று இருந்து, காற்று பிரிந்துகொண்டிருந்தால் பொறுத்துப் பாருங்கள். வலிக்குக் கொடுத்த டிரமடால் மாத்திரையும் மலத்தை இறுக்கும். வலி குறையக் குறைய அதை விடுவதே பாதி மருந்து. தண்ணீரும் மோரும் சேர்த்து நாளைக்கு 2 லிட்டர் குடிக்கட்டும். ஐயாவுக்கு இதயத்திலோ சிறுநீரகத்திலோ கோளாறு இல்லை என்பதால் இதைத் தயங்காமல் சொல்கிறேன். மூன்று நாள் ஆகியும் போகவில்லை என்றால் எங்களைக் கேளுங்கள். இசப்கோல் உமியை வாங்கிக் கொடுக்க வேண்டாம். அது முழுக்க முழுக்க நார், தண்ணீரில் பல மடங்கு உப்பும். விளக்கெண்ணெயும் வேண்டாம். ஆசனவாய் வழியாக எனிமா கொடுப்பது கூடவே கூடாது. தையல் அதற்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது.

அடைப்பு எப்படி வரும் என்பதை ஒரு நோயாளியின் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். அவருக்கும் இடது பக்கத்தில் இதே மாதிரி ஆபரேஷன். மூன்றாம் வாரம் வரை எல்லாம் சரியாகப் போயிற்று. ஒரு விசேஷ வீட்டில் மதியப் பந்தியில் வாழைத்தண்டுப் பொரியலும், சாம்பாரில் கிடந்த முருங்கைக்காயைச் சக்கையோடும் சாப்பிட்டிருக்கிறார். அன்று சாயங்காலமே எதுவும் ஆகிவிடவில்லை. மறுநாள் மதியத்திலிருந்து வயிறு உப்பத் தொடங்கியது. வலி தொடர்ந்து இருக்கவில்லை. சுருட்டிப் பிடித்துக் கொஞ்ச நேரம் உச்சிக்கு ஏறி, விட்டுவிட்டு, மறுபடி வந்தது. காற்று பிரிவது நின்றுபோனது. வீட்டில் வாய்வு என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள், பிறகு சோடா. இரவு வாந்தி, முதலில் சாப்பாடு, அப்புறம் பச்சையாக. விடியற்காலை வந்து சேர்ந்தார். எக்ஸ்ரேயில் குடல் வளையங்கள் விரிந்து தெரிந்தன. வாய் வழியாக எதுவும் கொடுக்காமல், மூக்கு வழியாகக் குழாய் போட்டு, நரம்பில் திரவம் ஏற்றி இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் தானாகவே வழி திறந்து, சக்கை சக்கையாக வெளியே வந்தது. இன்னொரு ஆபரேஷன் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் அப்படி முடியும் என்று சொல்ல முடியாது.

இதில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய வரிசை: உப்பசம், விட்டுவிட்டுச் சுருட்டும் வலி, காற்று நிற்பது, வாந்தி. முதல் இரண்டு மட்டும் இருந்தால் கெட்டிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் தண்ணீராகக் கொடுத்து, வார்டுக்குப் போன் செய்யுங்கள். காற்றும் நின்று வாந்தியும் சேர்ந்தால் போன் செய்துகொண்டிருக்க வேண்டாம், கிளம்பி வந்துவிடுங்கள்.

காய்ச்சல் வேறு விஷயம். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குறையாமல் ஏறிக்கொண்டே போகும் வயிற்றுவலி, படபடவென்று நாடி, காரணமில்லாத சோர்வு என்றால், இணைத்த இடத்தில் கசிவு இருக்குமோ என்று உடனே பார்க்க வேண்டும். இது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தலைகாட்டும். அப்படி எதுவும் வராது என்றே நம்புவோம். வந்தாலும், ‘நான் கொடுத்த மீனால்தான்’ என்று மருமகள் அழக் கூடாது. கசிவுக்குக் காரணம் அந்த இடத்துக்கு ஓடும் இரத்தத்தின் அளவு, புகைப்பழக்கம், சர்க்கரை, முன்பிருந்தே உள்ள சத்துக்குறைவு போன்றவை. நார் குறைந்த சாப்பாடு அடைப்பையும் உப்பசத்தையும் குறைக்கத்தான். கசிவைத் தடுக்கும் மருந்து என்று அதை நாங்கள் கொடுக்கவில்லை.

கடைசியாக, இந்தப் பத்தியத்தை எப்போது விடுவது? நான் அதிகம் பார்ப்பது இதை மீறியவர்களை அல்ல, விடாதவர்களை. இட்லியும் தயிர்சாதமும் ஒத்துப்போகிறது என்று ஆறு மாதம், ஒரு வருடம்கூட அதிலேயே இருந்துவிடுகிறார்கள். பிறகு மலச்சிக்கல், ஏறிய சர்க்கரை என்று வருகிறார்கள். பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பை நார்ச்சத்து குறைக்கிறது என்பதும் தெரிந்ததே. அதே நோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டவர் நாரில்லாமல் காலம் தள்ளுவது எந்த வகையில் நியாயம்? ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைப்படி 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு நாளைக்கு 30 கிராம் நார் வேண்டும். ஐயா இப்போது 10இல் இருக்கிறார். 30க்கு அவரை மெல்ல ஏற்றிக் கொண்டுபோக வேண்டும்.

நாலாவது வாரப் பரிசோதனையில் சர்ஜன் சரி என்றதும் தொடங்கலாம். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு புதிய பொருள், அதுவும் மதியத்தில், இரண்டு மேசைக்கரண்டி அளவில். மதியம் ஏனென்றால், ஏதாவது தொந்தரவு என்றால் அன்று மாலைக்குள்ளோ மறுநாள் பகலிலோ தெரிந்துவிடும். முதலில் கரையும் நார் உள்ளவை: பப்பாளி, தோல் சீவி வேகவைத்த ஆப்பிள், வடிகட்டாத பாசிப்பருப்பு. அவை ஒத்துப்போனால் இலையை மட்டும் கிள்ளிக் கடைந்த அரைக்கீரை, பாதிச் சப்பாத்தி, சலித்த மாவில் கேழ்வரகுக் கூழ். அத்தையின் டப்பாவை ஏழாம் வாரம் திறக்கலாம். முதலில் ஒரு கரண்டி மாவு. வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, சோளம், முழுச்சுண்டல், தேங்காய், ஆரஞ்சுச் சுளை எல்லாம் கடைசிக் கூட்டம். இரண்டாம் மாதம் முடியட்டும். ஏதேனும் ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதை விட்டுவிட்டு, வயிறு அடங்கிய பின் அடுத்ததற்குப் போங்கள். ஒத்துக்கொள்ளாததை இரண்டு வாரம் கழித்து மறுபடி கொடுத்துப் பார்க்கலாம். முதல் முறை உப்பசம் தந்தது அடுத்த முறை சும்மா இருப்பதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

ஐயாவுக்கு கீமோதெரபி தேவையா என்பது பயாப்சி முடிவு வந்ததும் தெரியும். தேவை என்றால் இந்த அட்டவணையை நான் மாற்ற வேண்டியிருக்கும். சில மருந்துகளில் பேதி போகும். அதனால் அந்த முடிவு வரும் வரை நாலாம் வாரத்துக்குப் பின்னால் உள்ளதை உறுதியாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தினமும் சாப்பிட்டது, மலம் போனது, சர்க்கரை அளவு, வாரம் ஒருமுறை எடை, இவை மட்டும் போதும். பரிசோதனைக்கு வரும்போது அந்த நோட்டையும், ஐயா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், பல்செட்டையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். நான் புறநோயாளிப் பிரிவில் காலை பதினொரு மணி வரை இருப்பேன்.

இப்படிக்கு,
உணவியலாளர்